கோடுகள் உடம்போடு வளையவில்லையா? போட்டோவில் ஜேர்சி போடும்போது வரும் கோளாறுகளும் திருத்தும் வழியும்

திருகோணமலைப் பக்கம் ஒரு விளையாட்டுக் கழகம் புது ஜேர்சி அடிக்க நினைத்தால், முதலில் கப்டனின் போட்டோ ஒன்றுதான் எனக்கு வரும். "அண்ணா, இதில எங்கட ஜேர்சியைப் போட்டுக் காட்டுங்கோ" என்பார்கள். நான் செய்து அனுப்பும் படம் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். எல்லோரும் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் முற்பணம் வரும், பிரிண்ட் தொடங்கும். ஏகாம்பரம் மைதானத்தில் விளையாடுகிறவர்கள், கிண்ணியா, மூதூரிலிருந்து வருகிறவர்கள் என்று பலருக்கும் இதைச் செய்து கொடுத்துவிட்டேன். கோளாறுகள் மட்டும் மாறவில்லை, அதே நாலைந்துதான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே எழுதுகிறேன். படத்தில் எது பிழையாகத் தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன். பச்சை ஜேர்சி, குறுக்காக நாலு மஞ்சள் கோடுகள், நெஞ்சில் இலக்கம் 7. போட்டோ உப்புவெளிக் கடற்கரையில் மாலை வெயிலில் எடுத்தது. கப்டன் எழுத்து எதுவும் இல்லாத வெள்ளை ரீசேர்ட் போட்டு, கமராவுக்கு நேராக நிற்கிறார். எடுத்தவர் இரண்டு மீற்றர் தள்ளி மணலில் முழங்காலிட்டு எடுத்திருக்கிறார். இந்தக் கடைசி விவரம் எவ்வளவு முக்கியம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மெனுப் பெயர்கள் எல்லாம் போட்டோஷொப்பில் திரையில் தெரிவது போலவே தந்திருக்கிறேன்.

## கோடுகள் பிழையாகத் தெரிகின்றன

### கோடுகள் அடிமட்டம் வைத்துக் கீறியது போல நேராக நிற்கின்றன

டிசைனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இன்னும் Warp செய்யவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கோடுகளையும் இலக்கத்தையும் சேர்த்துத் தெரிவுசெய்து Layer > Smart Objects > Convert to Smart Object கொடுங்கள். பிறகு Edit > Transform > Warp. மேலே வரும் பட்டையில் Grid என்பதை 3 x 3 ஆக வைத்தால் பிடித்து இழுக்கப் போதிய புள்ளிகள் கிடைக்கும்.

இலக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சப்ளிமேஷன் ஜேர்சியில் கோடும் இலக்கமும் ஒரே துணியில் ஒன்றாகத்தான் அச்சாகின்றன. துணி மடிந்தால் இரண்டும் சேர்ந்தே மடியும். கோடு மட்டும் வளைந்து இலக்கம் விறைப்பாக நின்றால், ஏன் என்று சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அது உறுத்தும்.

### கோடுகள் வளைந்திருக்கின்றன, ஆனாலும் உடம்பு பிழையாகத் தெரிகிறது

எனக்கு அதிகமாக வருகிற கோளாறு இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்புவெளிப் போட்டோவில் நான் நாலு கோடுகளையும் கிண்ணம் போல, நடுப்பகுதி கீழே தொங்கும்படி வளைத்து அனுப்பினேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கழகத்தின் பயிற்றுநர் பார்த்துவிட்டு, "தம்பி, பெடியன் முன்னுக்குக் குனிஞ்சு நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் சொன்னது சரி. கமரா இருந்த உயரத்தை நான் பார்க்கவே இல்லை.

ஒரு வாளியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே பிடித்தால் அதைச் சுற்றியுள்ள வளையங்கள் நடுவில் கீழே தொங்கும், கிண்ணம் போல. கண்ணுக்கு மேலே தூக்கினால் நடுவில் மேலே எழும்பும், கமான் போல. கண்ணுக்கு நேரே உள்ள வளையம் நேர்கோடாகவே தெரியும். ஜேர்சிக் கோடும் உடம்பைச் சுற்றிய வளையம்தான், கண்ணுக்குப் பதில் லென்ஸ். ஆகவே லென்ஸின் உயரத்துக்கு மேலே உள்ள கோடுகள் கமான், கீழே உள்ளவை கிண்ணம், நேரே உள்ளது நேர்கோடு.

அப்படியானால் முதலில் லென்ஸ் எந்த உயரத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே எங்கள் கடல் கைகொடுக்கிறது. கடலும் வானமும் சந்திக்கும் கோடு படத்தில் ஆளின் உடம்பை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, அதுதான் லென்ஸின் உயரம். நின்றுகொண்டு எடுத்தால் அந்தக் கோடு கண்ணை ஒட்டிப் போகும். முழங்காலிட்டு எடுத்தால் வயிற்றை வெட்டும். உப்புவெளி, நிலாவெளி, டச்சுக்குடாக் கரையில் திறந்த கடலைப் பார்த்து எடுத்த படங்களில் இது தெளிவாக விழும். உள்துறைமுகப் பக்கம் எடுத்த படத்தில் அக்கரை குறுக்கே நிற்பதால் உண்மையான அடிவானம் மறைந்திருக்கும். அங்கே அக்கரையின் நீர்விளிம்புக்குச் சற்று மேலே என்று எடுத்துக்கொண்டால் போதும்.

கடல் தெரியாத ஸ்ரூடியோப் படமா? அப்போது ரீசேர்ட்டையே கேளுங்கள். கைகள் தொங்க நிற்கும்போது குட்டைக் கையின் வாய்க்குள் உட்பக்கத் துணி தெரிந்தால் கமரா அதற்குக் கீழே இருந்திருக்கிறது. கொலரின் பின்பக்க உட்புறம் நன்றாகத் தெரிந்தால் கமரா கொலருக்கு மேலே இருந்திருக்கிறது. கைவாய்க் கரையே எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். அதே உயரத்தில் உள்ள உங்கள் கோடும் அநேகமாக அந்தப் பக்கம்தான் வளைய வேண்டும்.

உப்புவெளிப் படத்தில் கடற்கோடு தொப்புள் பக்கமாகப் போனது. நாலு கோடுகளில் மூன்று அதற்கு மேலே, ஒன்று கீழே. நானோ நாலையும் கீழே இருப்பவை போல வளைத்திருந்தேன். மேலிருந்து பார்க்கும் கோடுகளும் கீழிருந்து எடுத்த முகமும் ஒரே படத்தில் சேர்ந்தால், உடம்பு குனிந்தது போலத்தான் தெரியும்.

### பக்கம் சரி, ஆனால் வளைவு கூடிவிட்டது

பக்கத்தைச் சரியாகப் பிடித்தவர்களும் வளைவைக் கூட்டிவிடுவார்கள். நெஞ்சு பீப்பாய் போல ஊதித் தெரிவது இதன் அடையாளம். எவ்வளவு வளைக்கலாம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடுவேன்.

```
வளைவு = உயரம் × 12 ÷ (தூரம் + 12)
```

எல்லாம் சென்ரிமீற்றரில். உயரம் என்பது லென்ஸ் மட்டத்திலிருந்து கோடு எவ்வளவு மேலே அல்லது கீழே என்பது. தூரம் கமராவிலிருந்து நெஞ்சு வரை. 12 என்பது சாதாரண உடம்பின் தடிப்பில் பாதி, நான் உத்தேசமாக வைத்துக்கொள்வது. விடை, கோட்டின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையில் வரவேண்டிய உயர வித்தியாசம்.

அதைப் பிக்சலாக்க ஓர் அளவு வேண்டும். நான் ஆளிடம் அவர் போட்டிருந்த ரீசேர்ட்டின் தோள் தையலிலிருந்து மற்றத் தோள் தையல் வரை அளந்து அனுப்பச் சொல்வேன். கப்டனுடையது 46 செ.மீ. படத்தில் அதே தூரம் 920 பிக்சல். ஆக ஒரு சென்ரிமீற்றருக்கு 20 பிக்சல்.

மேல் கோடு கடற்கோட்டுக்கு 30 செ.மீ. மேலே. தூரம் 200. 30 × 12 ÷ 212 என்றால் 1.7 செ.மீ., அதாவது 34 பிக்சல் கமான். 10 செ.மீ. மேலே உள்ள கோட்டுக்கு 11 பிக்சல்தான். 8 செ.மீ. கீழே உள்ள கடைசிக் கோட்டுக்கு 9 பிக்சல் கிண்ணம். முதல்முறை நான் கண்மட்டத்தில் 80 பிக்சல் வளைத்திருந்தேன், அதுவும் பிழையான பக்கத்துக்கு.

தூரம் மாறினால் இது நிறையவே மாறும். ஒரு மீற்றர் கிட்டப் போய் போனில் எடுத்த படத்தில் அதே மேல் கோட்டுக்கு 3.2 செ.மீ. வரும். ஐந்து மீற்றர் தள்ளி நின்று சூம் செய்து எடுத்ததில் 0.7 செ.மீ. மட்டுமே. ஆகவே ஒரு படத்துக்குச் செய்த Warp அளவை அப்படியே அடுத்த படத்துக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, உடம்பு வாளி போல முழு வட்டம் அல்ல. நெஞ்சின் நடுப்பகுதி கிட்டத்தட்டத் தட்டை, விலாப் பக்கம் போகும்போதுதான் சட்டென்று திரும்புகிறது. அதனால் Warp கட்டத்தில் நடு நெடுங்கோடுகளை அதிகம் தொடாமல், வெளிப்பக்கத்து இரண்டு ஓரங்களை மட்டும் இழுக்கிறேன். 34 பிக்சலில் முக்கால்வாசி கடைசிக் காற்பங்கு அகலத்துக்குள் விழ வேண்டும். இழுக்கும் முன் ஒரு புது லேயரில் சிவப்புக் கோட்டால் அக்குள் மட்டத்திலும் இடுப்பு மட்டத்திலும் வளைவைக் கீறி வைத்துக்கொண்டால் கை தடுமாறாது.

கணக்குக்கு முன் படம் நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கடற்கோடு சரிந்திருந்தால் Ruler Tool-ஐ அதன் மேல் இழுத்து Straighten Layer கொடுங்கள். ஆள் ஒரு தோளைத் தூக்கி நிற்கிறார் என்றால் அதை நேராக்க வேண்டாம். மாறாக, கோடுகளை இரண்டு அக்குளையும் இணைக்கும் சரிவுக்குத் திருப்பிவிட்டுப் பிறகு வளையுங்கள்.

### நெடுங்கோடுகள், ஓரத்தில் போலியாகத் தெரிகின்றன

நெடுக்காகக் கோடு போட்ட ஜேர்சியில் பார்க்க வேண்டியது அகலம். எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் ஓரம் வரை ஓடினால் உடம்பு பலகை போலாகிவிடும். முழு வட்டமான உடம்பு என்று வைத்து, படத்தில் 900 பிக்சல் அகலத்துக்கு ஒன்பது கோடுகள் தெரிந்தால், நடுக்கோடு 156 பிக்சல் வரும். அதிலிருந்து ஓரத்தை நோக்கி 147, 120, 78, கடைசியில் வெறும் 27. மனித உடம்பு தட்டையானது என்பதால் நடுவில் உள்ள மூன்று கோடுகளை ஏறக்குறைய ஒரே அகலத்தில் விடலாம். கடைசி இரண்டும் மட்டும் கட்டாயம் ஒடுங்க வேண்டும்.

### கோடு நெஞ்சிலிருந்து கைக்கு நேராக ஓடிப்போகிறது

ஜேர்சி ஒரே துண்டுத் துணி அல்ல. முன்பக்கம் ஒன்று, கைகள் இரண்டு, கொலர் தனி. டிசைனையும் அப்படியே நாலு லேயராக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைக்க வேண்டும். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கினால் தோளிலிருந்து அக்குளுக்கு இறங்கும் தையல் தெரியும். Pen Tool-ஆல் அதன் மேலேயே போய் எல்லையைக் கீறுங்கள். கையில் வரும் கோடு தரைக்குச் சமாந்தரமாக ஓடாது, கையைச் சுற்றி ஓடும். கை மடக்கியிருந்தால் அதுவும் சேர்ந்து திரும்பும். தையலின் இரு பக்கமும் கோடுகள் ஒட்டாமல் ஒரு விரல் அகலம் விலகி நின்றால் பயப்பட வேண்டாம், தைத்து வரும் ஜேர்சியிலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

### எப்போது கைவிட வேண்டும்

கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம், பந்தின் மேல் ஒரு காலை வைத்து இடுப்பைத் திருப்பிய படம், நாற்காலியில் சாய்ந்த படம். இவற்றில் துணி எங்கே போகிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் இழுத்தும் சரிவரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். கமராவுக்கு நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டு, வெள்ளை ரீசேர்ட்டில் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்வதுதான் மலிவான வழி. கழகம் அந்தப் படமேதான் வேண்டும் என்று நின்றால், முப்பரிமாணத்தில் உடை போர்த்தத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் கேட்கும் காசு நியாயமானதுதான்.

## இலக்கம் பிழையாகத் தெரிகிறது

### இலக்கத்தின் ஓரம் உருகியது போல நெளிகிறது

துணி மடிப்புக்கு ஏற்ப டிசைனை நகர்த்த Filter > Distort > Displace பயன்படுத்துவோம். அதற்குக் கொடுக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தில் துணியின் நூல், போனின் புள்ளிப் புள்ளி இரைச்சல் எல்லாம் அப்படியே இருந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் 7-இன் ஓரம் ஒவ்வொரு பக்கம் ஓடும்.

அந்தக் கறுப்பு வெள்ளை வரைபடத்தை மங்கலாக்குங்கள். போட்டோவின் பிரதி ஒன்றை எடுத்து Image > Adjustments > Desaturate கொடுத்து, பிறகு Filter > Blur > Gaussian Blur. ஒரு சென்ரிமீற்றருக்கு 20 பிக்சல் உள்ள படத்தில் 6 முதல் 8 வரை வைத்தால் நூல் மறைந்து மடிப்பு மட்டும் மிஞ்சும். லேயர்களை ஒன்றாக்கி PSD ஆகச் சேமிக்க வேண்டும், Displace வேறு எதையும் ஏற்காது. படத்தை வெட்டவோ அளவு மாற்றவோ கூடாது. வேலை செய்யும் படமும் இதுவும் ஒரே பிக்சல் அளவில் இருந்தால்தான் மடிப்பும் நகர்வும் ஓரிடத்தில் விழும். நான் Warp செய்த லேயரின் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துவிட்டு, மற்றதை Rasterize Layer செய்து அதன் மேல்தான் Displace போடுவேன். இப்படிச் செய்தால் இடம் மாறி விழுந்த அனுபவம் எனக்கு இல்லை.

இன்னும் நெளிந்தால் Horizontal Scale, Vertical Scale இரண்டையும் 10-இலிருந்து 5-க்குக் குறையுங்கள். நல்ல போர்ட்ரெயிட்டில் 5 முதல் 8 வரை தாராளம்.

### இலக்கம் முழுதாகச் சரிவாக நகர்ந்துவிட்டது

நடுவில் வைத்த 7, Displace போட்டதும் மூலைப் பக்கமாகச் சறுக்கியிருக்கும். மேலே சொன்ன அதே வரைபடம்தான் காரணம். Displace கணக்கில் 128 என்ற சாம்பல் நிறம்தான் நகராத புள்ளி. அதைவிட வெளிச்சம் ஒரு பக்கம் தள்ளும், இருட்டு மற்றப் பக்கம். வெள்ளை ரீசேர்ட்டின் சராசரி வெளிச்சம் 210 என்றால், Scale 10-இல் முழு டிசைனும் 8 பிக்சல் சரிவாக நகரும். Scale 30 வைத்தவருக்கு 25 பிக்சல்.

வரைபடத்தைத் திறந்து Levels-இல் நடு அம்புக்குறியை வலப்பக்கம் நகர்த்தி, நெஞ்சின் தட்டையான இடம் 128-க்குக் கிட்ட வரும்வரை இருட்டாக்குங்கள். Info பெட்டியில் சுட்டியை நெஞ்சின் மேல் வைத்தால் எண் தெரியும்.

### இலக்கம் நடுவில் இருந்தும் நடுவில் இல்லை

ஆள் சற்றுத் திரும்பி நிற்கிறார். நீங்கள் உடம்பின் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவே வைத்திருக்கிறீர்கள். ஜேர்சியின் நடுக்கோடு அதுவல்ல. கழுத்துக்குழியிலிருந்து தொப்புள் இருக்கும் இடத்துக்கு ஒரு கோடு கீறுங்கள், இலக்கம் அதன் மேல் உட்கார வேண்டும். 30 பாகை திரும்பியவருக்கு இலக்கத்தின் அகலத்தையும் 87 சதவீதமாக ஒடுக்குங்கள், உயரத்தைத் தொடாதீர்கள்.

அளவும் கேள்வியாக வரும். பெரிய போட்டிகளில் நெஞ்சு இலக்கம் 10 முதல் 15 செ.மீ. உயரம், முதுகில் 25 முதல் 35 செ.மீ. நான் 12 செ.மீ. வைத்தேன், எங்கள் படத்தில் 240 பிக்சல். பெடியள் பெரிதாகக் கேட்பார்கள். பெரிதாக்கினால் அது முதுகு இலக்கத்தை முன்னே ஒட்டியது போலத் தெரியும் என்பதைச் சொல்லி, இரண்டையும் செய்து காட்டிவிடுங்கள்.

## கலர் கழகத்தின் கலராக இல்லை

### மஞ்சள், கடுகு போல மங்குகிறது

டிசைன் லேயர் Multiply-இல் இருக்கும். Multiply என்பது இரண்டு கலர்களையும் பெருக்கி 255-ஆல் வகுப்பது, ஆகவே கீழே உள்ள துணி எவ்வளவு சாம்பலோ அவ்வளவு மங்கும். கழகத்தின் மஞ்சள் 255, 210, 0. துணி 180 சாம்பலாக இருந்தால் கிடைப்பது 180, 148, 0. அதுதான் கடுகு.

ரீசேர்ட்டை மட்டும் தெரிவுசெய்து ஒரு Levels லேயர் போட்டு, வெயில் படும் தட்டையான இடம் 245 வரும்வரை வெள்ளை அம்புக்குறியை உள்ளே இழுங்கள். அப்போது மஞ்சள் 245, 202, 0 ஆகிவிடும். மடிப்புகள் வெளிறிப்போனால் கொஞ்சம் திரும்பி வாருங்கள்.

### மஞ்சள், செம்மஞ்சளாகிறது

மாலை வெயில். உப்புவெளிப் படத்தில் வெள்ளை ரீசேர்ட் உண்மையில் 230, 190, 150 ஆக இருந்தது. அதன் மேல் போட்ட மஞ்சள் 230, 156, 0 ஆக வந்தது, பார்த்தவர்கள் அதை எதிரணியின் கலர் என்றார்கள். ரீசேர்ட்டின் மேல் ஒரு Hue/Saturation லேயர் போட்டு Saturation-ஐ -65 அளவுக்கு இறக்கினேன். முழுதாக -100 போடாதீர்கள். முகத்தில் பொன்வெயிலும் ஜேர்சியில் மத்தியான வெயிலும் இருந்தால் ஆளை வேறு இடத்திலிருந்து வெட்டி ஒட்டியது போலாகும்.

### திரையில் சரி, துணியில் வேறு

இதை நீங்கள் திருத்த முடியாது, முயலவும் வேண்டாம். சப்ளிமேஷன் மையில் வெள்ளை கிடையாது, வெள்ளை என்பது துணியின் வெள்ளையே. பொலியெஸ்டர் துணி மாறினாலும் அழுத்தும் சூடு மாறினாலும் கலர் மாறும். அச்சடிப்பவரிடம் அதே துணியில் பச்சையும் மஞ்சளும் ஒரு கையளவு அடித்துத் தரச் சொல்லி, கழகத்தாரைப் பகல் வெளிச்சத்தில் கூட்டிவைத்துக் காட்டுங்கள். போன் திரையைப் பார்த்துச் சரி சொன்ன கலருக்குப் பிறகு யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

## ஸ்ரிக்கர் ஒட்டியது போலத் தெரிகிறது

லேயர் Normal-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், Multiply ஆக்குங்கள். பாதி வேலை அதோடு முடியும்.

அப்புறம் கூர்மை. 200 சதவீதத்தில் கோட்டின் ஓரத்தையும் ரீசேர்ட்டின் கைத் தையலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தையல் சற்று மங்கலாகவும் கோடு கத்தியால் வெட்டியது போலவும் இருந்தால், டிசைனுக்கு 0.7 முதல் 1.5 வரை Gaussian Blur கொடுங்கள். பின்னால் புள்ளி இரைச்சல் இருந்தால் டிசைனுக்கும் Add Noise 2 சதவீதம்.

துணியின் மினுக்கம் காணாமல் போயிருந்தால் டிசைன் லேயரின் Layer Style பெட்டியில் Blend If பகுதியில் Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை Alt அழுத்திப் பிளந்து, பாதியை இடப்பக்கம் இழுங்கள். வெயில் விழுந்த மடிப்பு நுனிகள் மட்டும் டிசைனை மீறி மேலே தெரியும்.

கழுத்துச் சங்கிலி, தாடி நுனி, கொலர் விளிம்பு இவற்றில் வெள்ளை வரம்பு தெரிந்தால் மாஸ்க்கை ஒரு பிக்சல் வெளியே விரித்தால் போதும். சங்கிலியைக் கையால்தான் வெட்ட வேண்டும், குறுக்குவழி இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தட்டையாகவே இருந்தால் பிழை போட்டோவில். வெள்ளை ரீசேர்ட் வெயிலில் எரிந்து 255 ஆகிவிட்டால் அங்கே மடிப்பே பதிவாகவில்லை, இல்லாததை எதுவும் கொண்டுவராது. கறுப்பு ரீசேர்ட்டும் அப்படித்தான், அதன் மேல் Multiply போட்டால் எந்தக் கலரும் கறுப்புத்தான். கட்டம் போட்ட ஷேர்ட், எழுத்து உள்ள ரீசேர்ட் என்றால் அந்தப் பழைய டிசைனை அழிப்பதே தனி வேலை. இந்த மூன்றுக்கும் நான் இப்போது கை வைப்பதில்லை. எழுத்தில்லாத வெளிர்ச் சாம்பல் அல்லது வெள்ளை ரீசேர்ட், காலை எட்டு மணிக்கு முன் நிழலில், இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, கமரா நெஞ்சு உயரத்தில் என்று எழுதி அனுப்புவேன்.

## கழகம் சரி சொல்லிவிட்டது, அச்சகம் இதே படத்தைக் கேட்கிறது

கொடுக்காதீர்கள். நீங்கள் செய்த படத்தில் கோடுகள் கமரா பார்த்தபடி வளைந்திருக்கின்றன. அதைத் துணியில் அடித்தால் வளைந்த கோடே உடம்பின் மேல் மறுபடி வளையும். ஒருமுறை ஒரு கழகம் வாட்ஸ்அப் படத்தையே நேராக அனுப்பிவிட்டது. மேல் கோடு கமான் போலவே தைத்து வந்தது, பதினைந்து ஜேர்சியும்.

அச்சகத்துக்குப் போக வேண்டியது Warp செய்வதற்கு முந்திய தட்டையான டிசைன், அவர்களுடைய வெட்டுப் படிவத்தின் மேல், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக. சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் போகும்போது கோட்டின் அகலம் மாறுமா, இடைவெளி மாறுமா என்பதை வெட்டுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். உப்புவெளிக் கப்டனின் வேலையில் கோடு 4 செ.மீ., இலக்கம் 12 செ.மீ., மேல் கோடு கழுத்துக்குழியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் கீழே என்ற மூன்று அளவையும் படத்தின் கீழே எழுதி, தட்டை டிசைனையும் மஞ்சள் பச்சைக்கான எண்களையும் சேர்த்து வெட்டுபவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தார்.